ராணியைக் கொடுத்த பாப்பா: ஒரு சிறுகதையின் பின்கட்டு

கதையை மட்டும் படிக்க வந்தவர்கள் முன்வாசல் வழியாகப் போகட்டும். உங்களை நான் பின்கட்டுக்கு அழைத்துப் போகிறேன். அங்கேதான் கொண்டாட்டமே! ஒரு சிறுமி செஸ் போட்டியில் தன் ராணியைப் பலி கொடுக்க முடிவெடுக்கிறாள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரி பலகையில் உண்மையாக நிற்க, பின்னால் எத்தனை கட்டங்கள் நகர வேண்டியிருக்கிறது தெரியுமா? அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

முதலில் கதை. காஞ்சிபுரம். முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதனால் கல்யாண மண்டபம் காலி, அதனால் அங்கே செஸ் போட்டி. நீள மேஜைகளில் சுருட்டி எடுத்துவந்த ரெக்ஸின் பலகைகளை விரித்திருக்கிறார்கள், ஓரம் மடங்கி மடங்கி எழும்புகிறது. செங்கல்பட்டு, அரக்கோணம், ஸ்ரீபெரும்புதூர் என்று பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வந்திருக்கிறார்கள். நம் நாயகி பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண், ஆறாம் வகுப்பு. கதை முழுக்க அவளுக்குப் பெயர் கிடையாது. வீட்டில் ‘பாப்பா’ என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். மேஜை உயரம் என்பதால் நாற்காலியில் மண்டியிட்டு ஆடுகிறாள். நாலாவது சுற்றில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எதிரில் உட்கார்கிறான். ஆறாவது நகர்த்தலில் அவள் ராணியைக் கொடுக்கிறாள்.

எந்த ராணி பலி? இங்கேதான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. சதுரங்க வரலாற்றின் பேர்போன ராணி பலிகளை எல்லாம் வரிசையில் நிறுத்தி நேர்முகத் தேர்வே நடத்தினேன்!

முதலில் வந்தது 1858, பாரிஸ் ஓபரா அரங்கு. அமெரிக்காவின் பால் மார்ஃபி, பிரன்ஸ்விக் கோமகனும் ஓர் இசுவார் பிரபுவும் சேர்ந்து ஆட, அவர்களை எதிர்த்து ஆடியது. 16ஆவது நகர்த்தலில் ராணியைத் தூக்கிப் பகையின் வீட்டு வாசலிலேயே வைத்தார். குதிரை வெட்டியது, யானை இறங்கியது, மேட். அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் ஆறு மாதம் செஸ் வகுப்புக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் அது மனப்பாடம். எதிரில் இருக்கும் பையன் விழமாட்டான்.

அடுத்து 1956, நியூயார்க், மார்ஷல் செஸ் கிளப். டொனால்ட் பைர்னுக்கு எதிராக பாபி ஃபிஷர். வயது 13, அசல் பள்ளிக்கூடப் பையன். 17ஆவது நகர்த்தலில் ராணி வெட்டுப்படும் இடத்தில் நிற்க, அதைக் காப்பாற்றாமல் பிஷப்பை நகர்த்தினார். மேட் விழுந்ததோ 41ஆவது நகர்த்தலில். கண்ணைப் பறிக்கும் ஆட்டம். ஆனால் அத்தனை தூரத்தை ஒரு சிறுகதைக்குள் வாசகருக்குக் காட்ட முடியாது. வாசகர் நம்பத்தான் வேண்டும், பார்க்க முடியாது. எனக்கோ வாசகரும் பலகையைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ராஜாவை அவன் ஆட்களே மூச்சுத் திணற அடைத்துக்கொள்ளும் மேட். ராணி போய் நிற்கும், யானை வெட்டியே ஆக வேண்டும், குதிரை பாய்ந்து முடிக்கும். ஸ்பெயினின் லுசேனா 1497இல் அச்சிட்ட புத்தகத்திலேயே இருக்கிறது. இதில் ஒரே குறை, எதிராளிக்கு வேறு வழியே இல்லை. அவன் வெட்டித்தான் ஆக வேண்டும். என் கதையில் பாப்பா முடிவெடுக்கிறாள் என்றால், அந்தப் பையனும் முடிவெடுக்க வேண்டும். அவனுக்கும் நல்ல வழி ஒன்று திறந்தே இருக்க வேண்டும், அவன் அதை விட்டுவிட்டு ராணி மீது கை வைக்க வேண்டும். அப்போதுதான் மேஜையின் இரண்டு பக்கமும் மனிதர்கள் இருப்பார்கள்.

தேர்வில் வென்றது லெகால் மேட். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸின் ரெஜான்ஸ் காபிக் கடையில் ஆடிக்கொண்டிருந்த லெகால் என்பவரின் பெயரால் வழங்குவது. ஃபிலிடோருக்கே செஸ் சொல்லிக்கொடுத்தவர் அவர். வீட்டில் பலகை இருந்தால் விரித்து வையுங்கள், இதோ ஆட்டம்:

```
1.e4 e5 2.Nf3 d6 3.Bc4 Nc6 4.Nc3 Bg4
5.h3 Bh5 6.Nxe5 Bxd1 7.Bxf7+ Ke7 8.Nd5#
```

பாப்பாவுக்கு வெள்ளை. நாலாவது நகர்த்தலில் பையன் தன் பிஷப்பைக் கொண்டுவந்து அவளுடைய குதிரைக்கு எதிரே குத்த வைத்தாற்போல் நிறுத்துகிறான். குதிரைக்குப் பின்னால் அவளுடைய ராணி. குதிரை நகர்ந்தால் ராணி போச்சு. வகுப்பில் இதைத்தான் ‘பின்’ என்கிறார்கள். ஒன்று கவனியுங்கள். குதிரைக்குப் பின்னால் ராஜா நின்றால், அந்தக் குதிரையை நகர்த்த விதியே விடாது. பின்னால் நிற்பது ராணி என்றால் விதி ஒன்றும் சொல்வதில்லை. நகர்த்தலாம். பயம் மட்டும்தான் தடுக்கிறது. கதையின் மொத்த மூச்சும் இந்த வித்தியாசத்தில்தான் ஓடுகிறது!

இனிதான் நான் குதித்த இடம். பலி கொடுப்பது ஆறாவது நகர்த்தலில் என்றாலும், பாப்பா முடிவெடுப்பது ஐந்தாவதில். ராஜா பக்கத்துக் கடைசி ஓரச் சிப்பாயை, ஒரே ஒரு கட்டம் முன்னே தள்ளுகிறாள். பிஷப்பைப் பார்த்து ‘போறியா, வெட்டுறியா’ என்று கேட்கும் நகர்த்தல். பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். அதைத் தள்ளாமல் உடனே குதிரையைத் தூக்கி நடுச் சிப்பாயை வெட்டினால் என்ன ஆகும்? பலகையில் செய்து பாருங்கள். பையனின் குதிரை பாப்பாவின் குதிரையை வெட்டி e5 கட்டத்தில் வந்து உட்காரும். அங்கிருந்து அது g4இல் நிற்கும் தன் பிஷப்பைக் காக்கிறது. பாப்பாவின் ராணி அந்த பிஷப்பை வெட்டினால் குதிரை ராணியை வெட்டிவிடும். போதாக்குறைக்கு அவளுடைய சொந்த பிஷப்பும் அந்தக் குதிரையின் வாயில். மேட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரையைத் தாரை வார்த்ததுதான் மிச்சம்.

சிப்பாயைத் தள்ளிய பிறகு பாருங்கள்! பிஷப் ஒரு கட்டம் பின்வாங்கி h5க்குப் போகிறது. ‘பின்’ அப்படியே இருக்கிறது, அதனால் பையனுக்கு எதுவும் மாறியதாகத் தோன்றாது. ஆனால் e5இல் உட்காரும் குதிரையின் காலுக்கு g4 எட்டும், h5 எட்டாது. ஒரே ஒரு கட்டம்! அந்த ஒரு கட்டத்தில் பலி தப்பிலிருந்து சரியாக மாறிவிட்டது. இதைக் கண்டதும் என் வீட்டுக் கூடத்தில் நான் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் பிஷப் பின்வாங்காமல் குதிரையை வெட்டியிருந்தால்? கதை அங்கேயே செத்திருக்கும். ராணி அந்த பிஷப்பை வெட்டும், ஆளுக்கு ஒரு காய் போகும், ஆட்டம் சாதாரணமாகத் தொடரும், பலியும் இருக்காது ஒன்றும் இருக்காது. பாப்பாவின் கையில் அது இல்லை. சிப்பாயைத் தள்ளிவிட்டு அவள் காத்திருக்கும் அந்த நேரத்துக்குக் கதையில் முழுதாக ஒரு பக்கம் கொடுத்திருக்கிறேன். பையன் கை பிஷப்பை நோக்கி வருகிறது. எந்தப் பக்கம் போகப் போகிறது? அவள் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். செஸ் வகுப்புகளில் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடங்களில் அதுவும் ஒன்று. அவசரத்தில் கை காயைத் தொட்டுவிட்டால் அதையே ஆட வேண்டும், தொட்ட காய் ஆடிய காய். கை மேல் உட்கார்ந்திருந்தால் அது பாயாது.

பிஷப் பின்வாங்கியதும் அவள் செய்வது கணக்கு. நான் இதை எழுதும்போது ‘துணிச்சல்’ என்ற சொல்லை எங்கேயும் போடவில்லை, வேண்டுமென்றே. மூன்று கிளைகள். குதிரை நடுச் சிப்பாயை வெட்டியதும், பையன் தன் சிப்பாயால் அந்தக் குதிரையை வெட்டலாம். அப்படியானால் ராணி நேராகப் போய் h5 பிஷப்பை வெட்டும். குதிரைக்கு பிஷப் சரியாகிப்போகும், முதலில் வெட்டிய சிப்பாய் லாபம். அல்லது குதிரையால் வெட்டலாம். அப்போதும் ராணி பிஷப்பை வெட்டும். அந்தக் குதிரை பாய்ந்து அவளுடைய பிஷப்பைத் தின்னும். இங்கே நிறையப் பேர் கணக்கை நிறுத்திவிடுவார்கள், ஐயோ ஒரு காய் போயிற்றே என்று. பாப்பா இன்னும் ஒரு படி பார்க்கிறாள். ராணி அதே வரிசையில் குறுக்கே ஓடி b5இலிருந்து ராஜாவுக்குச் செக் வைக்கும். பையன் செக்கைச் சமாளித்ததும் ராணி அந்தக் குதிரையைத் தின்னும். மறுபடியும் ஒரு சிப்பாய் லாபம். மூன்றாவது கிளை, பிஷப் ராணியையே வெட்டுவது.

அந்தக் கிளையில்தான் இன்னொரு தேன் துளி இருக்கிறது. h5இல் நின்றபோது அந்த பிஷப் தன் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை, f7ஐ, காத்துக்கொண்டிருந்தது. ராணியைத் தின்னப் பலகையின் அடுத்த கோடிக்குப் போனதும் காவல் போச்சு. பாப்பாவின் பிஷப் அங்கேயே இறங்கிச் செக் வைக்கிறது. ராஜாவால் அதை வெட்ட முடியாது, e5 குதிரை அதற்குத் துணை. போக ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது, போகிறான். இன்னொரு குதிரை நடுவில் பாய்கிறது. மேட். அந்தக் கடைசி நிலையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ராஜாவுக்குப் பின்னால் குறுக்காக இரண்டு பக்கமும் அவனுடைய சொந்த ராணியும் சொந்த பிஷப்பும் நின்று பாதையை அடைக்கிறார்கள். முன்னே குறுக்காகச் சொந்தச் சிப்பாய். மிச்சக் கட்டங்களை எல்லாம் இரண்டு குதிரையும் ஒரு பிஷப்பும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. காய்களுக்குப் பிள்ளைகள் வைக்கும் மதிப்புப்படி ராணி 9, யானை 5, குதிரையும் பிஷப்பும் 3, சிப்பாய் 1. ஒன்பதைக் கொடுத்துவிட்டு மூன்று மூன்றுகளால் முடித்துவிட்டாள்!

சரி, இவ்வளவு பொறுமையாகக் கட்டம் கட்டமாகப் பார்க்க ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எங்கிருந்து பழக்கம் வந்தது? அதற்குத்தான் நான் அவளை நெசவாளர் வீட்டில் பிறக்க வைத்தேன். ஊர் காஞ்சிபுரம் என்பதற்காகத் தறியைக் கொண்டுவந்து அலங்காரமாக நிறுத்தவில்லை. பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் வரும் புட்டாவோ, அன்னமோ, கோபுரமோ முதலில் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரையப்படுகிறது. எந்தக் கட்டத்தில் நிறம், எந்தக் கட்டம் காலி என்று பார்த்து அட்டையில் ஓட்டை குத்துகிறார்கள். அந்த அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டுகிறார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு இழை தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. ஒரு கட்டம் தப்பாகக் குத்திவிட்டால் அது ஒரு தடவையோடு போகாது. அட்டை சுற்றி வரும்போதெல்லாம், கரை நெடுக, அதே இடத்தில் அதே அன்னத்துக்கு மூக்கு கோணலாக வரும்.

இது கதையில் ஒரு சின்னக் காட்சியாக வருகிறது. கோர்வை சேலை தறியில் ஓடுகிறது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு இன்னொரு நிறம் என்பதால் மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு ஆளால் ஆகாது, அந்தப் பக்கக் கரையிலிருந்து நாடாவைத் திருப்பிவிட இன்னொரு ஆள் வேண்டும். அப்பா குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்க, அந்தப் பக்கம் அம்மா. பாப்பா திண்ணையில் உட்கார்ந்து கிராஃப் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“அப்பா, இந்த அன்னத்துக்குக் கண்ணு ஒரு கட்டம் தள்ளி இருக்குது.”

“எங்க, காட்டு.”

“இந்தப் பக்கம் பாருங்க, மூணாவது கட்டம். அந்தப் பக்கம் நாலாவது.”

அப்பா தறியை நிறுத்திவிட்டு எழுந்து வருகிறார். விரலால் எண்ணுகிறார். பேசாமல் திரும்பிப் போய் அட்டையைக் கழற்றுகிறார். “ஓட்ட ஆரம்பிச்ச உடனே சொன்னியே, நல்லதாப் போச்சு பாப்பா” என்பது மட்டும்தான் அவர் சொல்வது. பலகையில் g4க்கும் h5க்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் கண் பார்க்குமா பார்க்காதா? நீங்களே சொல்லுங்கள்!

தமிழ்நாட்டில் இப்படி ஒரு பெண் பிள்ளையை வைத்து எழுதுவதற்குக் கற்பனையைப் பெரிதாக இழுக்க வேண்டியதில்லை. சென்னையின் வைஷாலி, டி.வி. பார்ப்பதைக் குறைக்கப் பெற்றோர் செஸ் வகுப்பில் சேர்த்துவிட்ட பெண். 2013இல் மாக்னஸ் கார்ல்சன் சென்னைக்கு வந்து பலரோடு ஒரே நேரத்தில் ஆடிக் காட்டியபோது, அவரை ஜெயித்தவர். அப்போது அவருக்கு வயது 12. 2023இல் கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டினார். 2022இல் பூஞ்சேரியில், மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலேயே, 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அதில் வெண்கலம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் அவரும் இருந்தார். காஞ்சிபுரத்திலிருந்து அது காரில் போய்வரும் தூரம்தான். எனவே பாப்பாவின் பையில் குதிரைத் தலையும் வேட்டியுமாக நிற்கும் ‘தம்பி’ படம் போட்ட சாவிக்கொத்து ஒன்றைத் தொங்கவிட்டேன்.

இன்னும் தெற்கே போனால் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் திருப்பூவனூர். அங்கே சிவனுக்குப் பெயரே சதுரங்க வல்லபநாதர். ராஜராஜேஸ்வரி என்ற அரசகுமாரியைச் சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாமல் போக, சிவனே சித்தர் வேடத்தில் வந்து ஆடி ஜெயித்து மணம் முடித்தார் என்பது தலபுராணம். கதையில் பாப்பாவின் ஆயா இதைச் சொல்வதாக வைத்தேன். எழுதிக்கொண்டே போகும்போது ஒரு விஷயம் உறைத்தது. அந்த அரசகுமாரி ராணியைப் பலி கொடுத்திருக்கவே முடியாது! பழைய சதுரங்கத்தில் ராஜாவின் பக்கத்தில் நின்றது மந்திரி, குறுக்காக ஒரே ஒரு கட்டம் நகரும் சொங்கிக் காய். அது பலகை முழுக்கப் பாயும் ராணியானது 15ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஐரோப்பாவில். அவ்வளவு பலம் வந்த பிறகுதானே அதைக் கொடுப்பது ஒரு பலியாகும்? லுசேனாவின் புத்தகம் வந்ததும் அதே காலம்தான். ராணிக்குப் பலம் வந்த சூட்டோடேயே அவளைப் பலி கொடுக்கவும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆஸ்திரியாவின் ருடால்ஃப் ஸ்பீல்மன் 1935இல் பலிகளைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். அவர் பலிகளை இரண்டாகப் பிரிக்கிறார். கொடுத்தது திரும்பி வரும் என்று கடைசி வரை கணக்குப் போட முடிந்தால் அது போலிப் பலி. கணக்கு எட்டாத இடத்தில் நம்பிக் கொடுத்தால்தான் அசல். அந்த அளவுகோலில் பாப்பா கொடுத்தது போலி. எல்லாக் கிளையும் அவளுக்குத் தெரியும், எங்கேயும் நஷ்டம் இல்லை. பலகையைப் பொறுத்தவரை ஸ்பீல்மன் சொல்வது சரி. ஆனால் மண்டபத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் போய் இது போலி என்று என்னால் சொல்ல முடியாது. தன் கணக்கு சரியா என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? யாரையும் கேட்க முடியாது, காயை நகர்த்திப் பார்க்க முடியாது, அப்பாவும் அம்மாவும் மண்டபத்துக்கு வெளியே. அவள் நம்புவது தன் எண்ணிக்கையை. அதுவும் நம்பிக் கொடுப்பதுதான்.

அந்தப் பகுதியைக் கதையில் இருந்தபடியே தருகிறேன்:

‘பாப்பா வலது கையை மட்டும் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தாள். குதிரையின் காதைப் பிடித்தாள். பிடித்த பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை என்பது அவளுக்குத் தெரியும். சிப்பாயை எடுத்து ஓரத்தில் வைத்தாள், குதிரையை அந்தக் கட்டத்தின் நடுவில் வைத்தாள், அதே கையால் கடிகாரத்தை அமுக்கினாள். ராணி இப்போது திறந்த வாசலில் நிற்பதுபோல் நின்றாள். பையன் பலகையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். “பாப்பா, ராணி போகுது பாரு” என்று மெதுவாகச் சொன்னான். அவள் ஒன்றும் சொல்லவில்லை.’

அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆட்டத்தின் நடுவில் எதிராளியிடம் பேசுவது விதிப்படி தப்பு, ஆர்பிட்டர் பார்த்திருந்தால் எச்சரித்திருப்பார். ஆனால் அவன் சொன்னது இரக்கத்தில். அவனைப் பேராசைக்காரனாக எழுதுவது சுலபம், எழுதியிருந்தால் கதை பாழ். அவன் செய்த பிழை ஒன்றே ஒன்று. சின்னப் பிள்ளை தெரியாமல் குதிரையைத் தூக்கிவிட்டது என்று முடிவு கட்டினான். எதிராளி ஏன் இதை ஆடினாள் என்ற கேள்வியை அவன் கேட்கவே இல்லை. அதனால் பிஷப்பின் தலையைப் பிடித்து ராணியை வெட்டினான். ராணியை எடுத்து அவள் பக்கம் பத்திரமாக நிற்க வைத்தான்.

அடுத்த இரண்டு நகர்த்தலும் கதையில் ஒரே பத்திக்குள் முடிந்துவிடுகின்றன. ஆட்டம் முடிந்தால் கையைக் குலுக்கிவிட்டு, கையைத் தூக்கி ஆர்பிட்டரைக் கூப்பிட வேண்டும். பாப்பா கையைத் தூக்குகிறாள். ஆர்பிட்டர் சார் வந்து பலகையைப் பார்த்துவிட்டு, “யாருப்பா வெள்ளை? ராணி எங்கே?” என்கிறார்!

இங்கே நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் வாங்கும் முடிவு. ஆனால் செஸ் போட்டி நடக்கும் இடங்களுக்குப் போயிருந்தால் உங்களுக்குத் தெரியும், சுவாரசியமே அதற்கப்புறம்தான். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பிள்ளைகளும் வராந்தாவுக்கு வந்து தரையில் பலகையை விரித்து, ஆடிய ஆட்டத்தை மறுபடி ஆடிப் பார்ப்பார்கள். தோற்றவன்தான் அதிகம் பேசுவான். அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

மந்தாரை இலையில் அம்மா கட்டிக்கொடுத்த குடலை இட்லியைப் பிரித்துவைத்திருக்கிறாள் பாப்பா. மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் கலந்து மணக்கிறது. ஒரு கையில் இட்லித் துண்டு, இன்னொரு கையால் காய்களை அடுக்குகிறாள்.

“நான் சிப்பாயால வெட்டியிருந்தா?” என்கிறான் பையன்.

“உங்க பிஷப் போயிருக்கும் அண்ணா. எனக்கு ஒரு சிப்பாய் லாபம்.”

“ஒரு சிப்பாய்தானே! அதை வெச்சு நீ ஜெயிச்சிருப்பியா?”

“தெரியல. நீங்க பெரிய கிளாஸ்ல, நீங்களே ஜெயிச்சிருக்கலாம்.”

அவன் காய்களைப் பின்னால் நகர்த்தி, ஓரச் சிப்பாயைத் திருப்பி அதன் பழைய இடத்தில் வைக்கிறான். பிஷப்பையும் g4க்கு இழுக்கிறான். “இப்ப ஆடு.” அவள் குதிரையை எடுக்கிறாள். அவன் தன் குதிரையால் அதை வெட்டுகிறான். இருவரும் குனிந்து பார்க்கிறார்கள். “ஓ” என்கிறான் அவன், நீளமாக. “அதுக்குத்தான் இதைத் தள்ளினியா?”

உள்ளே ஐந்தாவது சுற்றுக்கு ஜோடிப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள் என்று யாரோ கத்துகிறார்கள். ஸ்விஸ் முறை, ஜெயித்தவர்களுக்கு ஜெயித்தவர்களே எதிராளி. கூட்டத்துக்குள் புகுந்து பார்க்கிறாள். இரண்டாவது மேஜை. இந்தத் தடவை அவளுக்குக் கறுப்பு. எதிரில் உட்கார்ந்த பெண் ராஜா பக்கச் சிப்பாயைத் தொடவே இல்லை, ராணி பக்கச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டுக் கடிகாரத்தை அமுக்குகிறாள். குதிரையும் பிஷப்பும் போன சுற்றில் நின்ற இடங்களுக்கு வரப்போவதில்லை. பாப்பா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கிறாள்.